மொத்தம் இடித்தால் டாலர் குறியைப் பாருங்கள், இடிக்காவிட்டாலும் பாருங்கள்

*எங்கள் அடுக்கக சங்கத்தின் செலவுக் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறேன். தண்ணீர், மின்சாரம், காவலர் என்று தலைப்புவாரியாகக் கூட்டுவதற்கு முதல் வரியில் SUMIF எழுதிக் கீழே இழுத்துவிட்டேன். செலவு மொத்தம் 44,250 வருகிறது. தலைப்புகளைக் கூட்டினால் 41,850 தான் வருகிறது. பிழை என்று எக்செல் எதுவும் சொல்லவில்லை. டாலர் குறி போடச் சொல்கிறார்கள். எங்கே போடுவது? போட்ட பிறகு எல்லாம் சரிதான் என்று எப்படி உறுதி செய்துகொள்வது?*

வித்தியாசம் 2,400 ரூபாய். நீங்கள் அனுப்பிய தாளில் முதல் செலவாகப் பதிவாகியிருக்கும் தண்ணீர் லாரியின் தொகையும் அதுவேதான். காணாமல் போனது அந்த ஒரு வரி. ஏன் அந்த வரி மட்டும் விடுபட்டது என்பது புரிந்துவிட்டால் டாலர் குறியை எங்கே போடுவது என்ற கேள்விக்கு விடை தானாக வந்துவிடும். தாளை அப்படியே இங்கே வைக்கிறேன்.

| வரி | B (தலைப்பு) | C (தொகை) |
|---|---|---|
| 2 | தண்ணீர் | 2,400 |
| 3 | மின்சாரம் | 6,850 |
| 4 | தண்ணீர் | 2,400 |
| 5 | காவலர் | 14,000 |
| 6 | துப்புரவு | 5,500 |
| 7 | தண்ணீர் | 2,400 |
| 8 | லிஃப்ட் | 3,200 |
| 9 | தண்ணீர் | 2,600 |
| 10 | மின்சாரம் | 1,150 |
| 11 | துப்புரவு | 700 |
| 12 | தண்ணீர் | 2,600 |
| 13 | இதர | 450 |

E2 முதல் E7 வரை தலைப்புகளை மின்சாரம், தண்ணீர், காவலர், துப்புரவு, லிஃப்ட், இதர என்ற வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். F2-இல் நீங்கள் எழுதிய ஃபார்முலா இது:

```
=SUMIF(B2:B13,E2,C2:C13)
```

இந்த ஒரு செல்லில் எந்தத் தவறும் இல்லை. மின்சாரம் 8,000 என்று சரியாகவே வருகிறது. ஆனால் கீழே இழுத்தபோது F3-இல் என்ன விழுந்தது என்று பாருங்கள்:

```
=SUMIF(B3:B14,E3,C3:C14)
```

E2 என்பது E3 ஆனது நமக்கு வேண்டியதுதான். அடுத்த தலைப்பைத் தேட வேண்டும் அல்லவா? ஆனால் தேடும் இடமும் கூடவே ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. இரண்டாவது வரி அந்தப் பார்வைக்குள்ளேயே இல்லை. அதிலிருந்த தண்ணீர் லாரி 2,400 கணக்கில் சேராமல், 12,400 வர வேண்டிய தண்ணீர்ச் செலவு 10,000 என்று வந்துவிட்டது. F4 நான்காவது வரியிலிருந்தும் F5 ஐந்தாவது வரியிலிருந்தும் தேடத் தொடங்குகின்றன. காவலர் ஐந்தாவது வரியிலும், துப்புரவு ஆறிலும் பதினொன்றிலும், லிஃப்ட் எட்டிலும், இதர பதின்மூன்றிலும் இருப்பதால் அவை தப்பித்தன. ஆக, ஆறு தலைப்புகளில் ஐந்து சரியாக இருந்து ஒன்றே ஒன்று பொய் சொல்கிறது.

இது ஏன் நடக்கிறது என்றால், டாலர் குறி இல்லாத B2 என்பதை எக்செல் ஒரு முகவரியாக எடுத்துக்கொள்வதில்லை. "நான் நிற்கும் செல்லிலிருந்து இடப்பக்கம் நான்கு நெடுவரிசை தள்ளி, இதே வரி" என்று வழி சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறது. வழி சொல்பவர் ஒரு வீடு தள்ளிப் போய் நின்று அதே வழியைச் சொன்னால், கேட்பவர் வேறு வீட்டுக்குத்தானே போய்ச் சேருவார்? இது சார்புக் குறிப்பு. `$B$2` என்று எழுதினால் அது கதவிலக்கம் போன்றது. எங்கே நின்று சொன்னாலும் அதே வீடு. இது நிலைக் குறிப்பு. எழுத்துக்கு முன்னால் வரும் டாலர் நெடுவரிசையை நிறுத்துகிறது. எண்ணுக்கு முன்னால் வரும் டாலர் வரியை நிறுத்துகிறது. இரண்டையும் தனித்தனியாகப் போடலாம்.

ஆகவே ஒவ்வொரு குறிப்பையும் பார்த்து ஒரே கேள்வி கேட்டால் போதும்: இழுக்கும்போது இது நகர வேண்டுமா, நிற்க வேண்டுமா? தேடும் பகுதி நிற்க வேண்டும். கூட்டும் பகுதி நிற்க வேண்டும். தலைப்பு மட்டும் வரிக்கு வரி நகர வேண்டும்.

```
=SUMIF($B$2:$B$13,$E2,$C$2:$C$13)
```

ஃபார்முலாவுக்குள் B2:B13 என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து F4 விசையை அழுத்தினால் டாலர் குறிகள் தாமாகவே விழும். மீண்டும் அழுத்த அழுத்த `$B$2`, `B$2`, `$B2`, `B2` என்று சுற்றி வரும். சில மடிக்கணினிகளில் Fn விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். கீழே மட்டும் இழுப்பதானால் `B$2:B$13` என்பதே போதும். பிறகு ஒருநாள் பக்கவாட்டிலும் இழுக்க நேரலாம் என்பதால் இரண்டையும் நிறுத்திவிடுவது என் வழக்கம். `$E2`-இல் எண்ணுக்கு முன்னால் டாலர் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அங்கேயும் போட்டுவிட்டால் ஆறு வரியிலும் மின்சாரமே, அதாவது 8,000 என்றே வரும்.

இரண்டு பகுதிகளில் ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றதை மறந்துவிடுவது இதைவிட மோசம். `$B$2:$B$13` நின்று, `C2:C13` நகர்ந்து C3:C14 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். SUMIF இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று இணையாக வைத்துப் பார்ப்பது. இரண்டாவது வரியில் தண்ணீர் என்று கண்டால், அதற்கு இணையாக C3-இல் இருக்கும் மின்கட்டணத்தை எடுத்துக் கூட்டும். உங்கள் தாளில் இப்படிச் செய்தால் தண்ணீர்ச் செலவு 25,650 என்று வருகிறது. 6,850, 14,000, 3,200, 1,150, 450 எல்லாம் அடுத்தடுத்த வரிகளின் தொகைகள். அப்போதும் எக்செல் ஒரு எச்சரிக்கையும் தராது. இரண்டு பகுதிகளும் அளவில் சமமாக இருப்பதால் அதற்குக் குறை சொல்ல எதுவும் இல்லை.

சத்தம் போடும் பிழைகளும் உண்டு. ஒவ்வொரு தலைப்பும் F8-இல் உள்ள மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதற்கு G2-இல் `=F2/F8` என்று எழுதிக் கீழே இழுத்தால், அடுத்த வரியில் F8 என்பது காலியான F9 ஆகி `#DIV/0!` என்று வந்து நிற்கும். யாரும் அதைப் பார்க்காமல் போக முடியாது. `=F2/F$8` என்று உடனே திருத்திவிடுவோம். கூட்டும் ஃபார்முலாக்கள் அப்படி இல்லை. காலி செல்லைக் கூட்டினாலும் பூஜ்யம்தான். ஒரு வரி விட்டுப்போனாலும் விடை பார்வைக்கு நம்பும்படியான எண்ணாகவே இருக்கும். பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் வெளியிட்ட, நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றிய ஆய்வில் இதே வகைப் பிழை இருந்தது. சராசரி காணும் ஃபார்முலா 30 முதல் 49 வரையிலான வரிகளை எடுக்க வேண்டிய இடத்தில் 44-ஆவது வரியோடு நின்றுவிட்டது. ஐந்து நாடுகள் விடுபட்டன. 2013-இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர் அந்தத் தாளையே வாங்கித் திறந்து பார்த்தபோதுதான் அது வெளியே தெரிந்தது. அந்த ஆய்வின் மீது வேறு விமர்சனங்களும் எழுந்தன. எக்செல் பிழையை மட்டும் ஆசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, சரிபார்ப்பது எப்படி. நீங்கள் செய்ததுபோல இரண்டு மொத்தங்களை ஒப்பிடுவது நல்ல பழக்கம், அதைக் கைவிட வேண்டாம். ஆனால் அது ஒத்துப்போனாலே ஃபார்முலா சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதை உங்கள் தாளிலேயே காட்ட முடியும். பழைய, டாலர் இல்லாத ஃபார்முலாவை அப்படியே வைத்துக்கொண்டு, E2-இல் தண்ணீரையும் E3-இல் மின்சாரத்தையும் இடம் மாற்றி எழுதுங்கள். இப்போது தண்ணீர் இரண்டாவது வரியிலிருந்து தேடப்படுகிறது: 12,400, சரி. மின்சாரம் மூன்றாவது வரியிலிருந்து தேடப்படுகிறது. அதன் முதல் பதிவே மூன்றாவது வரியில்தான்: 8,000, அதுவும் சரி. மற்ற நான்கும் முன்பே சரி. மொத்தம் 44,250 என்று ஒரு ரூபாய் பிசகாமல் இணைந்துவிடும். ஃபார்முலா மட்டும் தவறாகவே இருக்கும். அடுத்த மாதம் பட்டியலின் தொடக்கத்திலேயே ஒரு லிஃப்ட் செலவு வந்தால் பிசகிவிடும்.

இந்தத் தற்செயலை உடைக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. தாளின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலின் முதல் செலவு வரியில், அதாவது B2-இல், தலைப்புகளில் கடைசியாக இருக்கும் "இதர" என்பதை எழுதுங்கள். ஃபார்முலா சரியாக இருந்தால் இதர செலவு உடனே 450-லிருந்து 2,850 ஆக வேண்டும். தண்ணீர் 10,000 ஆகக் குறைய வேண்டும். டாலர் இல்லாத தாளில் இதர 450 என்றே அசையாமல் நிற்கும். F7 ஏழாவது வரியிலிருந்துதானே தேடுகிறது? முதல் வரியும் கடைசித் தலைப்பும் சந்திக்கும் இடமே நகர்ந்துபோன பகுதி மிக அதிகமாக விலகியிருக்கும் இடம் என்பதால், அங்கே சோதித்தால் பிசகு மறைய இடமில்லை. அடுத்து மறுமுனை. B13-இல் "மின்சாரம்" என்று எழுதிப் பாருங்கள். மின்சாரம் 450 கூட வேண்டும். கூடவில்லை என்றால் பகுதி கடைசி வரி வரை எட்டவில்லை என்று பொருள். நகலில் செய்த சோதனை என்பதால் முடிந்ததும் அந்த நகலை அழித்துவிடலாம்.

சோதனையோடு, ஃபார்முலாவைக் கண்ணாலும் படிக்க வேண்டும். பெரும்பாலானோர் முதல் செல்லைத்தான் திறந்து பார்க்கிறார்கள். முதல் செல் எப்போதும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அதைத்தான் நாம் கையால் எழுதினோம். திறந்து பார்க்க வேண்டியது கடைசி செல். F7-இல் நின்று F2 விசையை அழுத்துங்கள். ஃபார்முலாவில் உள்ள ஒவ்வொரு பகுதியையும் சுற்றி ஒரு நிறத்தில் கட்டம் தெரியும். அந்தக் கட்டம் B7-இல் தொடங்கி B18 வரை, பட்டியலைத் தாண்டிக் காலியான இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் வேறு சாட்சியே தேவையில்லை. எல்லா ஃபார்முலாக்களையும் ஒரே நேரத்தில் பார்க்க Ctrl விசையோடு எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்துங்கள். விடைகள் மறைந்து ஃபார்முலாக்கள் தெரியும். அந்த நெடுவரிசையை மேலிருந்து கீழே படித்துவரும்போது மாற வேண்டியது மட்டும் மாறுகிறதா, நிற்க வேண்டியது நிற்கிறதா என்பது சட்டென்று கண்ணில் படும். மீண்டும் அதே விசைகளை அழுத்தினால் பழைய தோற்றம் திரும்பிவிடும்.

செல்லின் மூலையில் வரும் பச்சை முக்கோணத்தை இந்த விஷயத்தில் நம்பியிருக்க வேண்டாம். பக்கத்துச் செல்களிலிருந்து மாறுபட்ட ஃபார்முலா ஒன்று நடுவில் இருந்தால் எக்செல் அப்படிச் சுட்டிக்காட்டும். உங்கள் தாளில் ஆறு செல்களும் ஒரே முறையில், ஒரே சீராக நகர்ந்திருக்கின்றன. எக்செல்லின் பார்வையில் அவை ஆறும் ஒரே ஃபார்முலா.

டாலர் குறியைப் பற்றிப் பரவலாக இருக்கும் ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். `$B$2:$B$13` என்று எழுதிவிட்டால் அந்தப் பகுதி இனி எதற்கும் அசையாது என்று பலர் நினைக்கிறார்கள். டாலர் காப்பது, நகலெடுக்கும்போதும் இழுக்கும்போதும் மட்டுமே. தலைப்பு வரிக்கு அடியில், இரண்டாவது வரிக்கு மேலாகப் புதிதாக ஒரு வரியைச் செருகினால் ஃபார்முலா `$B$3:$B$14` என்று மாறிவிடும். ஏற்கெனவே இருந்த பதிவுகளைத் தொடர்ந்து பிடித்துக்கொள்வதற்காக எக்செல் அப்படிச் செய்கிறது. புதிதாக வந்த வரி வெளியே நின்றுவிடும். அதுபோலவே 14-ஆவது வரியில் அடுத்த செலவை எழுதினால் அதுவும் பகுதிக்கு வெளியேதான். நடுவில் செருகினால் மட்டும் பகுதி தானாக விரியும்.

அடுக்ககக் கணக்கில் செலவுகள் அடியில்தான் வந்து சேரும் என்பதால் இது நிச்சயம் உங்களுக்கு நேரும். நேரும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. செலவு மொத்தத்தையும் `=SUM(C2:C13)` என்றே எழுதியிருந்தால், 14-ஆவது வரி இரண்டு பக்கத்திலும் விடுபடும். இரண்டு மொத்தங்களும் அழகாக ஒத்துப்போகும். ஒப்பிடும் கணக்கு, ஒப்பிடப்படும் கணக்கின் பகுதியையே நம்பியிருக்கக் கூடாது. நான் இப்படி எழுதச் சொல்வேன்:

```
=ROUND(SUM(C:C)-SUM(F2:F7),2)
```

C நெடுவரிசையில் செலவுத் தொகைகளைத் தவிர வேறு எண் எதுவும் இருக்கக் கூடாது, இந்த ஃபார்முலாவும் அந்த நெடுவரிசையில் இருக்கக் கூடாது. H1-இல் வைத்துவிடுங்கள். C1-இல் உள்ள "தொகை" என்ற எழுத்தை SUM பொருட்படுத்தாது. பைசாக்களைக் கூட்டிக் கழிக்கும்போது பூஜ்யத்துக்குப் பதிலாக மிக நுண்ணிய தசமம் ஒன்று எட்டிப்பார்ப்பதுண்டு, அதற்காகத்தான் ROUND. இதில் பூஜ்யம் அல்லாத எண் வந்தால் ஒன்று பகுதி குறைந்திருக்கிறது, அல்லது தலைப்பு எழுத்து மாறியிருக்கிறது. ஒருவர் "துப்புரவு" என்றும் இன்னொருவர் "துப்பரவு" என்றும் எழுதினால் SUMIF அவற்றை வேறு வேறாகவே எடுத்துக்கொள்ளும். சொல்லுக்குப் பின்னால் தவறி விழுந்த ஓர் இடைவெளியும் அதே வேலையைச் செய்யும்.

பகுதி குறையும் தொல்லை அடிக்கடி வரும் என்றால் SUMIF-யிலும் முழு நெடுவரிசையையே கொடுத்துவிடலாம்: `=SUMIF($B:$B,$E2,$C:$C)`. வரி எண்ணே இல்லாததால் கீழே இழுக்கும்போது நகர எதுவும் இல்லை. பக்கவாட்டில் இழுத்தால்தான் டாலர் தேவைப்படும். பட்டியலுக்கு அடியில் வேறொரு பட்டியலை எழுதும் பழக்கம் உங்களுக்கு இல்லை என்றால் இதுவே சுலபமான வழி. இல்லையேல் பட்டியலைத் தேர்ந்தெடுத்து Ctrl+T அழுத்தி அட்டவணையாக மாற்றிவிடுங்கள். அதன் பெயரையும் நெடுவரிசைப் பெயரையும் வைத்து எழுதும் ஃபார்முலா, அடியில் புதிய வரி சேரும்போது தானாகவே அதையும் சேர்த்துக்கொள்ளும்.

டாலரை வேண்டுமென்றே ஒரு பக்கம் மட்டும் போடும் இடம் ஒன்று உண்டு. தேதிவாரியாக இதுவரை எவ்வளவு செலவு என்று பார்க்க விரும்பினால் D2-இல் இப்படி எழுதிக் கீழே இழுக்கலாம்:

```
=SUM(C$2:C2)
```

தொடக்கம் நிற்கிறது, முடிவு நகர்கிறது. D3-இல் C$2:C3, D4-இல் C$2:C4 என்று பகுதி வரிக்கு வரி நீளும். 2,400, 9,250, 11,650 என்று ஏறிக்கொண்டே போய் D13-இல் 44,250-இல் நிற்க வேண்டும். இங்கே பிழையின் அடையாளம் கண்ணுக்கே தெரியும். டாலரே இல்லாவிட்டால் D நெடுவரிசை C-யின் அச்சாக இருக்கும், ஒவ்வொரு செல்லும் தன் வரியை மட்டும் கூட்டும். இரண்டு பக்கமும் டாலர் போட்டுவிட்டால் எல்லா வரியிலும் 2,400 என்றே இருக்கும். தொகைகள் எல்லாம் நேர் எண்களாக இருக்கும்போது இந்த வரிசை எங்காவது இறங்கினால், யாரோ நடுவில் ஒரு செல்லைக் கையால் மாற்றியிருக்கிறார்கள்.

கடைசியாக, மேலே சொன்ன எந்த ஒப்பீட்டிலும் சிக்காத ஒன்று. வங்கியின் அறிக்கையிலிருந்தோ வாட்ஸ்அப் செய்தியிலிருந்தோ ஒட்டிய தொகை சில நேரம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு 2,600 தான். ஆனால் SUM அதை விட்டுவிடும், SUMIF-உம் விட்டுவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைவதால் H1 பூஜ்யத்தையே காட்டும். இதைப் பிடிக்க எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும்:

```
=COUNTA(B:B)-1-COUNT(C:C)
```

COUNTA நிரம்பிய செல்களை எண்ணுகிறது, அதில் தலைப்பு வரிக்காக ஒன்றைக் கழிக்கிறோம். COUNT எண்களை மட்டும் எண்ணுகிறது. உங்கள் தாளில் 12-க்கு 12 இருந்து விடை பூஜ்யமாக வர வேண்டும். 1 என்று வந்தால் ஒரு தொகை எழுத்தாக இருக்கிறது அல்லது எழுதப்படாமலே இருக்கிறது. நீங்களாக இட அமைப்பை மாற்றியிருக்காவிட்டால் எண்கள் வலப்பக்கம் ஒட்டியும் எழுத்து இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும் என்பதால் அந்த வரியைக் கண்டுபிடிப்பது எளிது. C நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Data பட்டியில் Text to Columns கொடுத்து உடனே Finish அழுத்தினால் பெரும்பாலும் எண்ணாகிவிடும். தொகையோடு "ரூ." அல்லது "/-" ஒட்டிக்கொண்டிருந்தால் ஆகாது. அந்த ஒரு செல்லை அழித்துவிட்டுத் தொகையைப் புதிதாக எழுதிவிடுங்கள்.